எட்டாவது கேள்வியில் நான் எழுதிய ‘3’

லாஸ்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் நரிக்குறவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி, போன மாதம் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். அவள் பன்னிரண்டாவது முடித்தவள். கடிதம் புதுச்சேரி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநருக்கு எழுதியது. “சார், நீங்க அப்ப எங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தீங்களாம். அப்பா சொன்னாரு. இத ஒருதரம் படிச்சுப் பாருங்க” என்றாள். கடிதத்தின் நடுவில் இருந்த கோரிக்கை இவ்வளவுதான்: “நாங்கள் நரிக்குறவர். கணக்கெடுப்பில் எங்களுக்கு எங்கள் பெயரில் ஒரு பழங்குடிப் பிரிவு வேண்டும். எங்களை ‘மற்றவர்’ என்று எழுதக் கூடாது.”

அவர்களை ‘மற்றவர்’ ஆக்கியவன் நான்தான். அப்போது நான் அரசுப் பள்ளி ஆசிரியன். 2011 பிப்ரவரியில் என்னைக் கணக்கெடுப்பாளராகப் போட்டார்கள். அந்த ஆண்டின் குடும்ப அட்டவணையில் ஏழாவது கேள்வி மதம், எட்டாவது கேள்வி பட்டியல் சாதியா பழங்குடியா என்பது. பட்டியல் சாதி என்றால் 1, பழங்குடி என்றால் 2, இரண்டும் இல்லை என்றால் 3. 1 அல்லது 2 எழுதினால் மட்டுமே அதற்கடுத்த இடத்தில் சாதியின் பெயரை எழுதலாம். 3 எழுதியவருக்குப் பெயர் எழுத இடமே கிடையாது. அந்தப் பெண்ணின் அப்பா, நரிக்குறவருக்கு உள்ள இன்னொரு பெயரால், “நாங்க குருவிக்காரங்க சார்” என்று சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் 3 எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். விதிப்படி அது சரியான பதில். ஆனால் அவர் சொன்ன பெயர் அந்தத் தாளில் எங்கும் ஏறவில்லை.

ஏன் 3 என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கடிதம் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். கணக்கெடுப்பாளர் கையில் ஒரு பட்டியல் தரப்படும். அதில் உள்ள பெயரைத்தான் எழுதலாம். அந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம், யூனியன் பிரதேசத்துக்கு யூனியன் பிரதேசம் வேறுபடும். 2011இல் புதுச்சேரிக்குப் பழங்குடிப் பட்டியல் என்று ஒன்றே இல்லை. அதனால் 12,47,953 பேரை எண்ணிய அந்தக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடி மக்கள்தொகை பூஜ்யம். இருளர் வாழ்ந்த ஊர், நரிக்குறவர் வாழ்ந்த ஊர், ஆனாலும் பூஜ்யம். ‘2’ என்ற எண்ணை இந்த ஊரில் எந்த ஆசிரியராலும் எழுதியிருக்க முடியாது.

முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்குள் போனால் கதை வேறு. இந்தப் பெண்ணின் அத்தை கடலூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளான அண்ணனும் தங்கையும் பேசுவது ஒரே மொழி, செய்வது ஒரே பாசிமணித் தொழில். 2011இல் இருவரும் ‘3’தான், ஏனென்றால் அப்போது தமிழ்நாட்டிலும் நரிக்குறவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். பிறகு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமாகி, தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்கள் சேர்ந்தன. பட்டியல்களைத் திருத்த ஆலோசனை சொல்ல ஒன்றிய அரசு அமைத்த லோகூர் குழு இதைப் பரிந்துரைத்தது 1965இல். பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டுகள். ஆனால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கு மட்டுமே. வரும் 2027 கணக்கெடுப்பில் கடலூர் அத்தை பழங்குடியாக எண்ணப்படுவார். லாஸ்பேட்டை அண்ணன் அப்படி எண்ணப்பட மாட்டார். கல்லூரி விண்ணப்பம் போடும்போது அத்தை மகன் ‘எஸ்.டி.’ என்று எழுதியதைப் பார்த்துத்தான் இந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதத் தோன்றியிருக்கிறது.

அத்தை நாளைக்கே புதுச்சேரிக்குக் குடிவந்தாலும் இதே நிலைதான். எந்த மாநிலத்தின் பெயரால் ஒரு சமூகம் பட்டியலில் ஏறியதோ அந்த மாநிலத்துக்குள் மட்டுமே அந்த நிலை செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. கணக்கெடுப்பும் அதையே பின்பற்றுகிறது: எந்த இடத்தில் எண்ணப்படுகிறாரோ அந்த இடத்தின் பட்டியல்தான் அவருக்கு.

புதுச்சேரியிலும் ஒரு கதவு திறந்தது, ஆனால் ஒரு பெயருக்கு மட்டும். 2016 கடைசியில் குடியரசுத் தலைவர் ஆணை வந்து, வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் உள்ளடக்கி இருளர் மட்டும் புதுச்சேரியின் பழங்குடிகளாக அறிவிக்கப்பட்டனர். 2027இல்தான் புதுச்சேரியின் பழங்குடி எண்ணிக்கை முதன்முறையாகப் பூஜ்யத்திலிருந்து நகரப்போகிறது. இதில் சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி ஒரு பகுதிக்கு முதல் பட்டியலைக் குடியரசுத் தலைவரே அறிவிப்பாணை மூலம் வெளியிடலாம். அப்படி ஒருமுறை பட்டியல் வந்துவிட்டால், அதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டுமே முடியும். 2016இல் இருளரோடு சேர்ந்து நரிக்குறவர் பெயரும் போயிருந்தால் ஓர் ஆணையே போதுமானதாக இருந்திருக்கும். அப்போது போகவில்லை. இனி டெல்லியில் மசோதா வர வேண்டும். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

ஆக, கடிதத்தின் முதல் வடிவத்தில் கேட்டதைக் கணக்கெடுப்பு இயக்குநரால் தர முடியாது. அவர் மனம் வைத்தாலும் முடியாது. எந்த அதிகாரியும், ஏன், நீதிமன்றமும்கூட, அந்தப் பட்டியலில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டில் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இப்படிப் போகும் கடிதங்களுக்கு ‘இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை’ என்று ஒரு வரிப் பதில்தான் வரும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். என்னுடைய வருத்தம் அங்கேதான். அந்த அலுவலகத்தால் செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை.

2027இல் மாறப்போவது ஒன்று உண்டு. 1951 முதல் இந்தியக் கணக்கெடுப்பு பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்றவர்களின் சாதியைக் கேட்டதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் எல்லாச் சாதியையும் எழுதி வெளியிட்டது கடைசியாக 1931இல். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அந்தக் கணக்கிலும் நாம் இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவைக் குழு, இம்முறை எல்லாருடைய சாதியையும் எண்ணுவது என்று முடிவெடுத்தது. எந்த நாளின் நிலைப்படி கணக்கு எடுக்கப்படும் என்ற நேரப்புள்ளி 2027 மார்ச் 1. வீட்டுப் பட்டியல் எடுக்கும் முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்றுதான் கேட்பார்கள். அங்கே லாஸ்பேட்டைக் குடும்பம் மறுபடியும் ‘மற்றவர்’தான். இரண்டாம் கட்டத்தில், ஆள் ஆளாக எண்ணும்போது, முதன்முறையாக அவர்கள் பெயரைச் சொன்னால் அது பதிவாகும்.

ஆனால் எந்தப் பெயர்? இதில்தான் எனக்குப் பயம் அதிகம். 1931 கணக்கில் இருந்த சாதிகள் 4,147. 2011இல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில், சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொன்னதால் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன என்று ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஒரே சாதி பத்து விதமான எழுத்தில் பத்துச் சாதியாகிவிட்டது. இந்தச் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியாட்கள் சொல்வது நரிக்குறவர். சில வீடுகளில் குருவிக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தங்களுக்குள் பேசும்போது வாக்ரி. கர்நாடகத்தில் இதே மொழி பேசுகிறவர்கள் ஹக்கிப்பிக்கி என்ற பெயரில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு தெருவில் பதினைந்து வீடு இருந்தால் நாலு பெயர் பதிவாகும். ஒவ்வொன்றும் கைவிரலில் எண்ணும் அளவில் சிதறி, ‘இதர’ என்ற மூட்டையில் போய்ச் சேரும்.

இதைவிட மோசமான ஒன்று நடக்கலாம். புதுச்சேரியின் பட்டியல் சாதிகள் 1964ஆம் ஆண்டு ஆணையில் உள்ளன. அதில் ‘குறவன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் காதில் ‘நரிக்குறவர்’ என்று விழுகிறது. பட்டியலில் விரலை ஓட்டுகிறார், ‘குறவன்’ கிடைக்கிறது, பட்டியல் சாதி என்று எழுதிவிடுகிறார். அவருக்கு நல்லெண்ணம்தான், உதவி செய்ததாக நினைத்துக்கொள்வார். உண்மையில் குறவர் வேறு, இவர்கள் வேறு. குறவர் தமிழ் மண்ணின் பழைய குடி. வாக்ரி மக்களின் தாய்மொழி வாக்ரி போலி, குஜராத்தி, ராஜஸ்தானியோடு உறவுள்ள இந்தோ ஆரிய மொழி. தங்கள் பெயரை இவர்களுக்கு ஒட்டுவதைக் குறவர் சமூகத்தினரே தமிழ்நாட்டில் பலமுறை எதிர்த்திருக்கிறார்கள். 2011இல் என்னோடு பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர், “பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனா போதும்ல?” என்று கேட்டார். போதாது என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் ஒரு நாளைக்கு இருபது முப்பது வீடு ஏறி இறங்குகிறவருக்குச் சாயங்காலத்தில் அது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

எனவே கடிதம் கேட்க வேண்டியது இது: நரிக்குறவர், குருவிக்காரர், வாக்ரி ஆகிய மூன்றும் ஒரே சமூகத்தின் பெயர்கள், அவற்றை ஒரே குறியீட்டின் கீழ் தொகுக்க வேண்டும். பட்டியல் சாதியான குறவனோடு இவற்றைக் கலக்கக் கூடாது என்று புதுச்சேரிக் கணக்கெடுப்பாளர்களின் பயிற்சியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். பெயர்களைத் தொகுப்பது அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை.

தாய்மொழிக் கேள்வியையும் கடிதத்தில் சேர்க்கச் சொன்னேன். 2011 அட்டவணையில் அது பத்தாவது கேள்வி. சாதிக் கேள்வியைப் போல அதற்குப் பட்டியல் கிடையாது. பதிலளிப்பவர் சொல்லும் மொழிப் பெயரை அப்படியே எழுத வேண்டும் என்பதே விதி. பட்டியல் இல்லாத ஊரிலும் இந்த மக்கள் தங்களை அடையாளம் காட்டக்கூடிய ஒரே திறந்த இடம் அது. ஆனால் பெரும்பாலும் அங்கே ‘தமிழ்’ என்று விழுந்துவிடுகிறது. கணக்கெடுப்பாளர் தமிழில் கேட்கிறார், அவர்கள் தமிழில் சரளமாகப் பதில் சொல்கிறார்கள், அவர் கேட்காமலே எழுதிவிடுகிறார். 2011இல் நானும் அந்த வீட்டில் அப்படித்தான் செய்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக நினைவில்லை. எழுதினாலும் இன்னொரு சல்லடை இருக்கிறது. 2011இல் மக்கள் சொன்ன மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாகத் தொகுத்தார்கள். நாடு முழுவதும் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை வெளியீட்டில் தனியாகக் காட்டவில்லை. புதுச்சேரிக்காரர்கள் மட்டும் எழுதினால் அந்த எல்லையைத் தொட முடியாது. தமிழ்நாட்டிலும் மற்ற மாநிலங்களிலும் இருக்கிறவர்கள் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அத்தைக்கு ஒரு போன் போட வேண்டிய காரணம் இது.

காலமும் ஒரு சிக்கல். 2011இல் ஆள் கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. 2027இலும் பிப்ரவரிதான். மாசி மாதம் என்பது பாசிமணி, ஊசி, பலூன் விற்கிறவர்களுக்குத் திருவிழாக் காலம். வைத்திக்குப்பம் மாசி மகத்தில் தொடங்கி ஊர் ஊராகக் குடும்பத்தோடு போவார்கள். 2011 விதிப்படி அந்த இருபது நாளில் கொஞ்ச நாளாவது வீட்டில் தங்கியிருந்தால் அந்த வீட்டில் எண்ணப்படுவார்கள். முழுக் காலமும் வெளியே இருந்தால் வீட்டுக் கணக்கில் வர மாட்டார்கள். வீடில்லாமல் தெருவோரம் தங்கியிருக்கிறவர்களைக் கடைசி நாளான பிப்ரவரி 28 இரவு, இருக்கும் இடத்திலேயே எண்ணினார்கள். திருவிழாத் திடலில் படுத்திருக்கும் குடும்பம் வேறு ஊரின் கணக்கில் போகும், அல்லது எந்தக் கணக்கிலும் வராது. பெயர் கேட்டுப் போராடிவிட்டு, எண்ணும் நாளில் ஆளில்லாமல் போனால் என்ன பயன்? குடும்பத்தில் ஒரு பெரியவராவது அந்த மாதம் வீட்டில் தங்கி எல்லாருடைய விவரத்தையும் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் அழுத்திச் சொன்னேன். “பாட்டி இருக்கும் சார், அதுக்கு முழங்கால் வலி, எங்கயும் போகாது” என்றாள்.

இனி, பழங்குடி என்ற நிலைக்கான கோரிக்கை. அதற்கு வேறு கடிதம், வேறு முகவரி. 1999இல் வகுத்து 2002இல் திருத்திய நடைமுறைப்படி, முதலில் புதுச்சேரி அரசு பரிந்துரைக்க வேண்டும். அந்தச் சமூகத்தின் வாழ்க்கை, மொழி, வழக்கங்கள் பற்றிய இனவரைவியல் அறிக்கை பரிந்துரையோடு போக வேண்டும். பிறகு இந்தியத் தலைமைப் பதிவாளர் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் தேசியப் பழங்குடியினர் ஆணையம், பிறகு அமைச்சரவை, கடைசியாக மசோதா. இந்தத் தலைமைப் பதிவாளர் வேறு யாருமில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரும் அவரேதான். அதாவது 2027இல் இவர்களை எண்ணும் அலுவலகம்தான், பின்னொரு நாளில் இவர்கள் பழங்குடியா என்று கருத்துச் சொல்லப்போவதும். அவர் மறுத்தால் மாநில அரசு இன்னொரு முறை நியாயப்படுத்தி எழுதலாம். இரண்டாம் முறையும் மறுத்துவிட்டால் கோப்பு அதோடு மூடப்படலாம். ஆகவே அந்த அலுவலகத்தின் சொந்த ஆவணங்களில் ‘வாக்ரி’ என்ற மொழியும் ஒரே பெயரில் திரண்ட ஓர் எண்ணிக்கையும் இருப்பது, கோப்பு அந்த மேசைக்குப் போகும்போது உதவும். ‘குறவன்’ என்று தவறாக விழுந்த எண்ணிக்கை அதே அளவுக்குக் கெடுதல் செய்யும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் அவளிடம் உடைக்க வேண்டியிருந்தது. கணக்கெடுப்பில் பெயர் ஏறிவிட்டால் அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்கலாம் என்று அவள் அப்பா நினைத்திருந்தார். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிடவோ, அந்தச் சட்டத்தை மீறிய குற்றத்துக்கான வழக்கைத் தவிர வேறு வழக்கில் சாட்சியமாக வைக்கவோ முடியாது என்கிறது. ஒரு குடும்பத்தின் தாள் அந்தக் குடும்பத்துக்கே சான்றாகாது. மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வெளியே வரும். இதே பிரிவுதான் அவர்களுக்குப் பாதுகாப்பும். வாசலில் சொன்ன உண்மைப் பெயரை வைத்து யாரும் நாளைக்கு வழக்குப் போட முடியாது. அதனால் அஞ்சாமல் அதைச் சொல்லலாம்.

இரண்டு மாலை உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தினோம். இப்போது அது இப்படி இருக்கிறது:

“ஐயா, புதுச்சேரியில் வாழும் எங்கள் சமூகம் நரிக்குறவர், குருவிக்காரர், வாக்ரி என்ற பெயர்களால் அறியப்படுகிறது. இவை மூன்றும் ஒன்றே. 2027 கணக்கெடுப்பில் இவற்றை ஒரே பெயரின் கீழ் தொகுக்க வேண்டுகிறோம். 1964 ஆணையில் உள்ள குறவன் என்ற பட்டியல் சாதியும் நாங்களும் வெவ்வேறு சமூகங்கள் என்பதைக் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சியில் தெரிவிக்க வேண்டுகிறோம். எங்கள் தாய்மொழி வாக்ரி போலி. அதைக் கேட்டு எழுதுமாறு அறிவுறுத்த வேண்டுகிறோம். பிப்ரவரியில் நாங்கள் தொழிலுக்காக வெளியூர் செல்வதால், எங்கள் குடியிருப்புக்கு முதல் வாரத்திலேயே கணக்கெடுப்பாளரை அனுப்ப வேண்டுகிறோம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையைப் புதுச்சேரி அரசுக்குத் தனியாக அனுப்பியுள்ளோம். அதன் நகல் இத்துடன் உள்ளது.”

பழைய கடிதத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் அவள் விட மறுத்தாள்: “எங்களை ‘மற்றவர்’ என்று எழுதக் கூடாது.” சட்டப்படி அதற்குப் பலன் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். பிறகு நானே அதைக் கடைசி வரியாகத் திருப்பி எழுதிக் கொடுத்தேன்.

கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. வாக்ரியா, வாகிரியா என்று எழுத்தில் ஒரு குழப்பம். குடியிருப்பில் உள்ள மூத்தவர்களைக் கூட்டிக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கடலூர் அத்தையும் அன்றைக்கு வருகிறார்.